க்ளைம் எண் முதலில்: காப்பீட்டு மெயில்களின் சப்ஜெக்ட் வரி

மருத்துவமனைக்குப் பணத்தை நாமே கட்டிவிட்டு, பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் திரும்பக் கேட்பதை ரீஇம்பர்ஸ்மென்ட் க்ளைம் என்கிறார்கள். இதில் எல்லாக் கணக்கும் ஒரே ஒரு தேதியில் வந்து நிற்கும்: தேவையான கடைசி ஆவணம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாள். முடிவு சொல்வதற்கான கெடு அன்றிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. கெடு தாண்டினால், வங்கி விகிதத்தோடு இரண்டு சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும். அந்த வட்டியும் அதே நாளிலிருந்துதான் கணக்காகும். பொதுவான தர வடிவ மருத்துவக் காப்பீடான ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியின் வாசகத்தில் க்ளைம் தீர்வு பற்றிய பகுதியில் இதைப் பார்க்கலாம்.

ஆனால் அந்தத் தேதியை யாரும் முத்திரை குத்தித் தருவதில்லை. மூன்று மாதத்தில் சேர்ந்த நாற்பது, ஐம்பது மெயில்களுக்குள் அது எங்கோ கிடக்கிறது. கண்டுபிடிக்க முடிகிறதா, கண்டுபிடித்ததை இன்னொருவரிடம் காட்ட முடிகிறதா என்பதெல்லாம் சப்ஜெக்ட் வரியில் அன்று என்ன எழுதினோம் என்பதைப் பொறுத்தது. 'Documents', 'Claim reg.', 'Kind attention sir' என்ற சப்ஜெக்ட்டுகளோடு அனுப்பப்பட்ட மெயில்களை நான்கு மாதம் கழித்துக் கோத்துப் பார்ப்பது, பெயர் எழுதாத சாவிகளைக் கொத்தாகக் கையில் கொடுத்தது மாதிரி.

முதல் சிக்கல், ஒரு க்ளைமுக்கு ஒரு எண் அல்ல, பல எண்கள். பாலிசி எண், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள உறுப்பினர் எண், மருத்துவமனை உள்நோயாளிக்குத் தரும் ஐபி எண் ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருக்கும். அட்மிட் ஆன செய்தியைத் தெரிவித்ததும் ஓர் இன்டிமேஷன் எண் பிறக்கும். பேப்பர்களைச் சமர்ப்பித்ததும் க்ளைம் எண். டிபிஏ, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளைமைக் கையாளும் இடைநிலை நிறுவனம் நடுவில் இருந்தால், அதன் மெயில் மென்பொருள் தன் பங்குக்கு ஒரு டிக்கெட் எண் போடும். புகார் கொடுத்தால் புகார் எண். கடைசியில் பணம் வந்ததற்கு வங்கியின் யுடிஆர் எண்.

இத்தனையையும் ஒரே வரியில் திணிப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். செல்போனில் இன்பாக்ஸைப் பார்க்கும்போது சப்ஜெக்ட்டின் முதல் முப்பது, நாற்பது எழுத்துகள்தான் கண்ணில் படும். அந்த இடத்தில் பாலிசி எண்ணை வைப்பதால் பயன் குறைவு. ஒரே பாலிசியில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று க்ளைம்கள் இருக்கலாம். முன்னால் நிற்க வேண்டியது க்ளைம் எண். அடுத்து இந்த மெயில் என்ன வேலை செய்கிறது என்பது. கடைசியில் உறுப்பினர் எண்.

```
Claim 4471208 | Query 1 reply, part 2 of 2 | Member M-5520-02
```

இந்த எண்களெல்லாம் உதாரணத்துக்காகப் போட்டவை. குவரி என்பது கூடுதல் ஆவணமோ விளக்கமோ கேட்டு வரும் கடிதம். க்ளைம் எண் வருவதற்கு முன்பு அந்த இடத்தில் இன்டிமேஷன் எண் நிற்கும். மற்ற எண்களெல்லாம் மெயிலின் உடலில், வணக்கத்துக்கும் முன்னால், நான்கு வரியில் போகட்டும்: பாலிசி எண், உறுப்பினர் எண், ஐபி எண், அட்மிட் ஆன நாளும் டிஸ்சார்ஜ் ஆன நாளும். ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெயிலிலும் அப்படியே ஒட்டினால் போதும்.

எண்ணை எழுதும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜிமெயிலின் தேடல் முழுச் சொல்லைத்தான் தேடும். சொல்லின் நடுவிலிருக்கும் துண்டை எடுத்துத் தராது. 'CLM4471208' என்று ஒட்டி எழுதிவிட்டு 4471208 என்று தேடினால் அந்த மெயில் வராமல் போகலாம். எனவே எண்ணுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட வேண்டும். நிறுவனம் தன் கடிதத்தில் கோடும் சாய்கோடும் போட்டு எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே பார்த்துத் தட்டாமல் நகலெடுத்து ஒட்ட வேண்டும். சுழியத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் இடையில் தொலைந்துபோன க்ளைம்களுக்குக் கணக்கில்லை.

எக்செலில் எழுதி வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அது எண்களை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கப் பாலிசி எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். முன்னால் உள்ள சுழியங்களும் காணாமல் போகும். அந்தக் கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் எண்ணை இட வேண்டும். கெட்டுப்போன எண்ணை அங்கிருந்து நகலெடுத்துப் பத்து மெயிலில் ஒட்டிவிட்டு, 'எங்கள் பதிவில் இப்படி ஒரு பாலிசி இல்லை' என்ற பதிலைப் பார்த்துத் திகைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சப்ஜெக்ட்டைத் தமிழில் எழுதலாமா என்றால், மெயிலின் உடலில் தாராளமாக எழுதலாம். சப்ஜெக்ட்டில் மட்டும் ஆங்கில எழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மெயிலின் தலைப்பகுதியில் தமிழ் எழுத்துகள் குறியீடாக மாற்றப்பட்டுப் பயணம் செய்கின்றன. பழைய மென்பொருளில் அது மீண்டும் தமிழாகாமல் `=?UTF-8?B?` என்று தொடங்கும் புரியாத சரமாக வந்து நிற்பதுண்டு. மொழிப்பற்றைக் காட்ட இது இடமல்ல.

இரண்டாவது விஷயம்தான் பலருக்கும் தெரியாதது. டிபிஏ அனுப்பும் மெயிலின் சப்ஜெக்ட்டில் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதோ ஒரு எண் இருக்கும்.

```
Query letter - Claim 4471208 [Ticket#88213]
```

அது அலங்காரம் இல்லை. நம் பதில் உள்ளே போனதும் எந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று மென்பொருள் முடிவுசெய்வது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். வேறு சில மென்பொருள்கள் சப்ஜெக்ட்டைப் பார்க்காமல், கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் உள்ள `In-Reply-To`, `References` என்ற இரு வரிகளைப் பார்க்கும். ரிப்ளை பொத்தானை அழுத்தி எழுதும்போது அந்த இரு வரிகளும் தானாகச் சேர்கின்றன; புதிதாக கம்போஸ் செய்தால் சேராது. எதிர்ப்பக்கம் எந்த வகை மென்பொருளை வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் காப்பாற்ற வேண்டும்: வந்த மெயிலுக்கே ரிப்ளை கொடுக்க வேண்டும், சப்ஜெக்ட்டில் கை வைக்கக் கூடாது. நமக்குப் பிடித்த வடிவம் புதிதாகத் தொடங்கும் மெயில்களுக்கு மட்டும். ரிப்ளையில் 'Query 1 reply, part 2 of 2' என்ற விவரம் உடலின் முதல் வரிக்கு இறங்கிவிடும்.

குவரி மெயில் பதில் ஏற்காத noreply முகவரியிலிருந்து வருவதும் சகஜம். அப்போது ரிப்ளை வீண். கடிதத்துக்குள் எந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்களோ அதற்குப் புது மெயில் எழுதி, அவர்களுடைய சப்ஜெக்ட்டை அடைப்புக்குறி எண்ணோடு முழுசாக நகலெடுத்துப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே த்ரெட்டில் வளர்க்கலாமா, கட்டத்துக்கு ஒரு த்ரெட்டாகப் பிரிக்கலாமா என்பதில் என் கட்சி பிரிப்பதுதான். சப்ஜெக்ட் மாறினாலோ, நூறு மெயில்களைத் தாண்டினாலோ ஜிமெயில் தானே த்ரெட்டை உடைத்துவிடும். பழைய மெயில்களைச் சுமந்துகொண்டே போகும் பதில் 102 கேபியைத் தாண்டினால் மீதியை வெட்டி மறைத்துவிடும். த்ரெட் என்பது அந்த மென்பொருள் நமக்குக் காட்டும் தோற்றம்தான். அதை நம்பி ஆவணம் கட்ட முடியாது. இன்டிமேஷனுக்கு ஒன்று, ஆவணச் சமர்ப்பிப்புக்கு ஒன்று, ஒவ்வொரு குவரிக்கும் ஒன்று, புகாருக்கு ஒன்று என்று இருக்கட்டும். எல்லாவற்றிலும் அதே க்ளைம் எண் இருப்பதால் ஒரு தேடலில் எல்லாம் வந்து வரிசையில் நிற்கும்.

பிரிப்பதில் ஒரு நிபந்தனை உண்டு. புது எண் ஒன்று பிறக்கும்போதெல்லாம், பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே சப்ஜெக்ட்டில் இருக்கும் மெயில் ஒன்றாவது வேண்டும். இதைப் பாலம் மெயில் என்று வைத்துக்கொள்ளலாம். இன்டிமேஷன் எண் க்ளைம் எண்ணாக மாறும் நாளில்:

```
Claim 4471208 (earlier Intimation 883120) | Documents submitted
```

பாலம் இல்லாவிட்டால், இன்டிமேஷன் எண்ணை மட்டும் வைத்திருக்கும் அலுவலர் க்ளைம் கோப்புக்கு வந்து சேர வழியில்லை. நாமே ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் அதே கதிதான்.

இதெல்லாம் கூடிவரும்போது என்ன ஆகிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். 2025 மார்ச் 3-ஆம் தேதி அட்மிட், 9-ஆம் தேதி டிஸ்சார்ஜ். கேட்ட தொகையில் ஒப்புக்கொள்ளப்பட்டது ரூ. 1,84,000. பாலிசியில் முடிவு சொல்லும் கெடு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 24-ஆம் தேதி எல்லாப் பேப்பர்களும் போயின. ஏப்ரல் 2-ஆம் தேதி குவரி வந்தது, இரண்டு கேள்விகளோடு: ஒன்று, மருந்துக் கடை பில்களுக்கு உரிய டாக்டர் சீட்டுகள்; இரண்டு, இண்டோர் கேஸ் பேப்பர் எனப்படும், வார்டில் தினமும் எழுதப்படும் சிகிச்சைக் குறிப்புகள். சீட்டுகள் கையில் இருந்ததால் ஏப்ரல் 5-ஆம் தேதி ரிப்ளையில் போய்விட்டன. கேஸ் பேப்பரை மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக்கொடுத்து வாங்க ஒரு வாரம் ஆனது. 41 பக்கம். ஏப்ரல் 11-ஆம் தேதி, மருத்துவமனைக்குப் போன தம்பியே தன் செல்போனில் ஸ்கேன் செய்து, தன் முகவரியிலிருந்து, 'Documents' என்ற சப்ஜெக்ட்டோடு புது மெயிலாக அனுப்பிவிட்டார்.

தவறு இங்கே நடந்தது. அடைப்புக்குறி எண் இல்லை, க்ளைம் எண் இல்லை, அனுப்பிய முகவரியும் பதிவில் இல்லாதது. டிபிஏயின் மென்பொருள் அதைப் புதிய விசாரணையாக எடுத்துக்கொண்டு டிக்கெட் எண் 90377 என்று தானியங்கிப் பதில் அனுப்பியது. 88213-ஆம் டிக்கெட்டைத் திறந்து பார்த்த அலுவலருக்குக் கேஸ் பேப்பர் வரவில்லை என்றுதான் தெரிந்தது. ஏப்ரல் 21-ஆம் தேதி அதே ஆவணத்தைக் கேட்டு இரண்டாம் குவரி வந்தது. 25-ஆம் தேதி மறுபடி அனுப்பப்பட்டது. மே 16-ஆம் தேதி பணம் வந்தது.

நிறுவனத்தின் கணக்கில் கடைசி ஆவணம் ஏப்ரல் 25-ஆம் தேதி, கெடு மே 25, தாமதமே இல்லை. நம் கணக்கில் ஏப்ரல் 11; கெடு மே 11; ஐந்து நாள் தாமதம், ஆகவே ஏப்ரல் 11 முதல் மே 16 வரை 35 நாளுக்கு வட்டி. விகிதம் 8.5 சதவீதம் என்று வைத்தால் அது ஏறக்குறைய 1,500 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதே குழப்பம், க்ளைமே நிராகரிக்கப்பட்டு, காரணம் 'கேட்ட ஆவணத்தை உரிய காலத்தில் தரவில்லை' என்று வந்தால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல்.

இதைச் சரிசெய்ய முடியுமா என்றால், முடியும். இரண்டாம் குவரி வந்த அன்றே, ஆவணத்தை மறுபடி அனுப்பும்போது, ஏப்ரல் 11 மெயிலையும் அதற்கு வந்த தானியங்கிப் பதிலையும் இரண்டாம் குவரிக்கான ரிப்ளையில் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். உடலின் முதல் வரி இப்படி இருக்கலாம்:

```
Indoor case papers (41 pages) were already received by you on
11-Apr-2025 under Ticket 90377. Please link it to Ticket 88213,
Claim 4471208. Copy attached again for convenience.
```

மூன்று எண்ணும் ஒரே இடத்தில் வந்துவிட்டன. காலம் கடந்து போட்ட பாலம். 'already received' என்று எழுத நமக்குத் தைரியம் தருவது அந்தத் தானியங்கிப் பதில்தான். அதை யாரும் மதிப்பதில்லை, பலர் அழித்துவிடுகிறார்கள். நம் சென்ட் பெட்டியில் இருப்பது நாம் அனுப்பினோம் என்பதற்கு மட்டும் சாட்சி. அவர்களுக்குக் கிடைத்தது என்பதற்குத் தானியங்கிப் பதில்தான் சாட்சி. அது வரவில்லை என்றால் மறுநாளே விசாரிக்க வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் ஆவணத்தை ஏற்றும் வசதி இருந்தால் அங்கேயும் ஏற்றி, தேதி தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தானியங்கிப் பதில் வராததற்கு அடிக்கடி காரணம் இணைப்பின் எடை. ஜிமெயில் 25 எம்பி என்று சொன்னாலும், இணைப்புகள் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால் 18 எம்பிக்கு மேல் ஒரே மெயிலில் வைப்பது ஆபத்து. எதிர்ப்பக்க சர்வரின் வரம்பு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கேஸ் பேப்பரைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் பிரிக்க வேண்டி வந்தால் 'part 1 of 3' என்று மொத்த எண்ணிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும். 'part 1' என்று மட்டும் எழுதினால், மூன்றாவது வந்து சேராமல் போனது யாருக்கும் தெரியாது. கடைசி ஆவண நாள் என்பது மூன்றாவது போய்ச் சேர்ந்த நாள் என்பதையும் மறக்கக் கூடாது. ஜிப் கோப்பு வேண்டாம். பல நிறுவனங்களின் பாதுகாப்பு வடிகட்டி அதை உள்ளே விடாது. பிடிஎஃப் கோப்பின் பெயரிலும் அதே எண் இருக்கட்டும், ஏனென்றால் அலுவலர் தரவிறக்கிய பிறகு மெயிலிலிருந்து கோப்பு பிரிந்துவிடுகிறது:

```
4471208_Q1_02_indoor-case-papers_41pp.pdf
```

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆரோக்கிய சஞ்சீவனியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையான செலவைக் கேட்கலாம்; அந்தச் சிகிச்சை முடிந்து 15 நாளுக்குள் பேப்பர் போக வேண்டும். நம் உதாரணத்தில் மே 8 வரை செலவு, மே 23-க்குள் சமர்ப்பிப்பு. இதற்குத் தனி க்ளைம் எண் தருவார்கள், அல்லது பழைய எண்ணுக்குப் பின்னால் ஒட்டு எண் சேர்ப்பார்கள். பழைய க்ளைமின் த்ரெட்டிலேயே இந்த பில்களை அனுப்பினால், முதன்மை க்ளைம் முடிந்துவிட்டது என்று டிக்கெட்டை மூடும்போது இதுவும் சேர்ந்து மூடப்படும் அபாயம் உண்டு. புது மெயில் தொடங்கி `Post-hospitalisation claim | Main claim 4471208` என்று முதன்மை எண்ணைக் காட்டி அனுப்ப வேண்டும்.

சப்ஜெக்ட்டில் எழுதக் கூடாதவையும் உண்டு. நோயின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். பூட்டிய செல்போனின் திரையிலேயே சப்ஜெக்ட் தெரியும்; அலுவலகத்தில் பத்துப் பேர் பார்க்கும் பட்டியலிலும் தெரியும். 'URGENT', 'FINAL REMINDER' ஆகியவற்றையும் தவிர்க்கலாம். மூன்றாவது 'FINAL' வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை? 'Reminder 2, Query reply sent 11-Apr-2025 pending' என்று எழுதினால் எரிச்சலும் தெரியும், தகவலும் இருக்கும். மாதத்தை எழுத்தில் எழுதுவதும் காரணத்தோடுதான்: 05/04 என்பது ஏப்ரல் 5-ஆ மே 4-ஆ என்று மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

இனி, பின்னால் ஒருவர் தணிக்கை செய்வதுபோல் பார்த்தால் என்ன இருக்க வேண்டும்? ஒரு அட்டவணை. வரிசை எண், நாளும் நேரமும், யாரிடமிருந்து யாருக்கு, சப்ஜெக்ட் அப்படியே, இணைப்புகளின் பெயரும் பக்க எண்ணிக்கையும், அவர்கள் தந்த டிக்கெட் எண், எந்தக் கேள்விக்கு இது பதில். ஏழே பத்திகள். மெயில் போன அன்றே ஒரு வரி எழுதினால் இரண்டு நிமிட வேலை. கடைசியில் உட்கார்ந்து எழுதினால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. வரிகளைச் சரிபார்க்க இந்தத் தேடல் போதும்:

```
4471208 has:attachment after:2025/04/01 before:2025/05/01
```

அட்டவணையில் அந்த மாதத்தில் இணைப்போடு உள்ள மெயில்களின் எண்ணிக்கையும் தேடலில் வரும் மெயில்களின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்றால், எங்கோ ஒரு மெயில் எண்ணில்லாமல் போயிருக்கிறது. தம்பியின் 'Documents' மெயில் இப்படித்தான் அகப்படும். அதுவும் அவர் நமக்கு ஒரு நகல் போட்டிருந்தால்தான். ஆகவே குடும்பத்தில் யார் அனுப்பினாலும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமான ஐந்தாறு மெயில்களை மட்டும் அச்சுப் பிரதியோடு நிறுத்தாமல், ஜிமெயிலின் மூன்று புள்ளி மெனுவில் `Download message` கொடுத்து .eml கோப்பாகவும் இறக்கி வைக்க வேண்டும். அச்சில் வராத தலைப்பகுதி முழுவதும் அதில் இருக்கும்: எந்த சர்வருக்கு எத்தனை மணிக்குப் போனது, `Message-ID` என்ன என்பதெல்லாம். நேரம் அதில் உலகப் பொது நேரத்திலும் பதிவாகியிருக்கலாம். ஏப்ரல் 12 அதிகாலை 2 மணிக்கு இங்கிருந்து போன மெயில் அங்கே ஏப்ரல் 11 இரவு 8.30 என்று நிற்கும். ஒரு நாள் வித்தியாசத்தில் வாதம் நிற்கும்போது இதைத் தெரிந்துவைத்திருப்பது உதவும்.

பணம் குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் ஒப்பவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதிந்தால் அங்கே ஒரு டோக்கன் எண் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் புது எண். ஒவ்வொரு படியிலும் ஒரு பாலம்:

```
Grievance 20917 | Claim 4471208 | Interest for delay, last document 11-Apr-2025
```

இந்தச் சப்ஜெக்ட்டில் புகார், க்ளைம், கேட்பதற்கான அடிப்படைத் தேதி மூன்றும் இருக்கின்றன. இணைப்பு ஒன்று, ஏப்ரல் 11 மெயில். இரண்டு, டிக்கெட் 90377 தானியங்கிப் பதில். மூன்று, இரண்டு டிக்கெட்டுகளையும் இணைக்கச் சொன்ன மெயில். நான்கு, ஏழு பத்தி அட்டவணை.